ஆறு பிழையும் ஓர் ஊரும்: சிறு குறிப்பில் வேற்றுமை உருபுகளைச் சரிபார்க்கும் முறை

என் அண்ணன் மகள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்த மூன்றாவது வாரமே, பள்ளி ஆண்டு மலரின் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. புதிதாக வருபவர்களிடம்தான் மலர் வேலை போகும். அது எழுதப்படாத விதி. முதல் பக்கத்துக்கு ஊரைப் பற்றியும், ஊரின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தனைப் பற்றியும் ஐந்து வாக்கியத்தில் ஒரு குறிப்பு வேண்டுமாம். எழுதி எடுத்துக்கொண்டு வந்து, "சித்தப்பா, பாருங்கள், பிழை இருக்காது என்று நினைக்கிறேன்" என்று நீட்டினாள்.

எழுத்துப் பிழை உண்மையாகவே இல்லை. ல, ள, ழ எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனால் வேற்றுமை உருபுகள், அதாவது பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு அதை வினையோடு சேர்க்கும் ஐ, கு, இல், இடம் முதலியவை, பாதி இடங்களில் விழுந்துபோயிருந்தன. மீதியில் வேண்டாத இடத்தில் ஒட்டியிருந்தன. அவள் எழுதியது இது:

"துன் வீ. தி. சம்பந்தன் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பிறந்தார். கோலகங்சார் இல் பள்ளியில் பயின்று, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் படித்தார். தோட்டம் துண்டாடல் காலத்தில் தொழிலாளர் சந்தித்து, தொழிலாளர்களில் பணம் திரட்டி, 1960 தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடா புக்கிட் சிடிமத்தில் உள்ளது. கோலாலம்பூர் ஒரு சாலைக்கு சம்பந்தனின் அவர்களின் பெயரை வைக்கப்பட்டுள்ளது."

துண்டாடல் என்பது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றது. தலைப்பில் ஆறு என்று எழுதிவிட்டேன். எண்ணினால் பத்தைத் தாண்டும். ஆனால் வகை பிரித்தால் ஆறுக்குள் அடங்கிவிடும். மலர், கோயில் திருவிழா இதழ், சங்க அறிக்கை என்று முதல் முறையாக எழுத உட்காருகிறவர்களுக்காக, அன்று மாலை நாங்கள் அந்தக் குறிப்பைத் திருத்திய வரிசையிலேயே முறையைச் சொல்கிறேன்.

முதலில் வினையைப் பிடியுங்கள்

பெயர்ச்சொல்லைப் பார்த்துக்கொண்டு என்ன உருபு போடலாம் என்று யோசித்தால் விடை கிடைக்காது. உருபைக் கேட்பது வினை. ஆகவே பென்சிலை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். மேலேயுள்ள குறிப்பில் பிறந்தார், பயின்று, படித்தார், சந்தித்து, திரட்டி, தொடங்கினார், வாங்கிய, உள்ளது, வைக்கப்பட்டுள்ளது என்று ஒன்பது வரும்.

பிறகு ஒவ்வொரு வினையிடமும் கேள்வி கேளுங்கள். பிறந்தார்: யார்? எப்போது? எங்கே? சந்தித்து: யாரை? திரட்டி: எதை? யாரிடமிருந்து? கேள்வியின் வாலில் இருக்கும் உருபுதான் விடையின் வாலிலும் வரவேண்டும். "யாரை" என்று கேட்டால் விடை "தொழிலாளர்களை". "யாரிடமிருந்து" என்று கேட்டால் "தொழிலாளர்களிடமிருந்து". வேற்றுமைகளின் எண்களையும் பெயர்களையும் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இங்கே இல்லை. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவருக்குக் கேள்வி தானாகவே சரியாக வந்துவிடும். யாரும் "தொழிலாளர் சந்தித்தாயா, யார் சந்தித்தாய்" என்று கேட்பதில்லை.

"யார்?" என்ற கேள்விக்கு மட்டும் விடை மொட்டையாக வரும். சம்பந்தன் பிறந்தார். அது எழுவாய், அதற்கு உருபு கிடையாது. இதை நினைவில் வையுங்கள், கடைசி வாக்கியத்தில் தேவைப்படும்.

ஆளா, இடமா?

எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்க ஒரு குறுக்கு வழி உண்டு. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது கிடைக்காது. தேசிய மொழிப் பாடத்தில் இடத்துக்கு "கெ", ஆளுக்கு "கெபாடா" என்று படித்திருப்பார்கள். இடத்திலிருந்து என்றால் "டாரி", ஆளிடமிருந்து என்றால் "டாரிபாடா". கடிதம் ஈப்போவிலிருந்து வந்தால் ஒன்று, அப்பாவிடமிருந்து வந்தால் இன்னொன்று. மாற்றி எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். தமிழிலும் அதே பிரிவினைதான். இடமாக இருந்தால் இல், இலிருந்து. ஆளாக இருந்தால் இடம், இடமிருந்து.

இதைச் சொன்னதும் "தொழிலாளர்களில் பணம் திரட்டி" என்ற பிழை அவளுக்கே தெரிந்துவிட்டது. தொழிலாளர்கள் ஊர் அல்லர். "தொழிலாளர்களிடம் பணம் திரட்டி" அல்லது "தொழிலாளர்களிடமிருந்து பணம் திரட்டி" என்று வரவேண்டும். இரண்டும் சரி, இரண்டாவதில் பணம் அவர்கள் கையிலிருந்து வந்தது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் "ஆளுக்கு இல் வரவே வராது" என்று விதி எழுதிக்கொள்ளாதீர்கள். "தொழிலாளர்களில் பலர் சங்கத்தில் சேர்ந்தனர்" என்பது பிழையற்ற தமிழ். ஒரு கூட்டத்திலிருந்து சிலரைப் பிரித்துச் சொல்லும்போது இல் வரும். அடுத்த சொல் பலர், சிலர், ஒருவர், மூத்தவர் என்று இருந்தால் இல் சரியாக இருக்கும். வாங்கினார், பெற்றார், கேட்டார், திரட்டினார் என்று கொடுக்கல் வாங்கல் வினை வந்தால் இடம் தேவை.

ஆளுக்கும் இடத்துக்கும் இன்னொரு வேறுபாடும் இங்கே உதவும். "சென்னை சென்றார்", "ஈப்போ போனார்" என்று எழுதலாம். போகிற ஊருக்குக் கு இல்லாவிட்டாலும் வாக்கியம் நிற்கும், பத்திரிகைகளும் அப்படி எழுதுகின்றன. ஆளைப் பார்க்கப் போனால் அது நடக்காது. "சம்பந்தன் சென்றார்" என்றால் சம்பந்தனே கிளம்பிப் போய்விட்டார் என்று பொருள். "சம்பந்தனிடம் சென்றார்" என்றால்தான் வேறொருவர் அவரைப் பார்க்கப் போனதாக ஆகும்.

ஊர்ப்பெயரில் இல் ஒட்டும் விதம்

மலர் எழுதுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். தமிழ்ப் பெயராக இருந்தால் நாக்கே வழிகாட்டும். நம் ஊர்ப்பெயர்களோ பாதி மலாய், கொஞ்சம் சீனம், மிச்சம் வெள்ளைக்காரத் துரை வைத்துவிட்டுப் போன தோட்டப் பெயர். இவற்றில் எப்படி ஒட்டுவது என்று தெரியாமல் பலர் இரண்டு தப்பில் ஒன்றைச் செய்கிறார்கள்: உருபையே விட்டுவிடுவது ("சுங்கை சிப்புட் பிறந்தார்"), அல்லது இடைவெளி விட்டு எழுதுவது ("கோலகங்சார் இல்"). இரண்டாவதற்கு மலாய்ப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். அங்கே "டி ஈப்போ" என்று முன்னால், தனியாக நிற்கும். தமிழில் உருபு பின்னால் வரும், தனியாக நிற்காது. இல் தனியாக நின்றால் வீடு என்று பொருளாகிவிடும், அல்லது இல்லை என்று.

பெயரின் கடைசி ஒலியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டாம், சொல்லுங்கள்.

பட்டென்று அடைத்து நிற்கும் ஒலியில் முடிந்தால், அதாவது க், ட், ப் போன்றவற்றில் முடிந்தால், அந்த எழுத்து இரட்டிக்கும். சுங்கை சிப்புட் என்பது சுங்கை சிப்புட்டில் ஆகும். சிகாமட், சிகாமட்டில். பேராக், பேராக்கில். மெந்தகாப், மெந்தகாப்பில். "சிப்புடில்" என்று ஒற்றை டகரத்தோடு எழுதினால் ட மெலிந்து ஒலித்து, ஊரின் பெயரே மாறிவிடும், அதனால்தான் இரட்டிப்பு.

ங் என்று மூக்கில் முடிந்தால் ஒரு ககரம் வந்து சேரும். ரவாங், ரவாங்கில். தைப்பிங், தைப்பிங்கில். காஜாங், காஜாங்கில். பினாங்கு என்று ஏற்கெனவே உகரம் சேர்த்து எழுதும் பெயரில் அந்த உகரம் உதிர்ந்து பினாங்கில் என்று நிற்கும்.

ர், ன், ல் என்று முடிந்தால் நேராக ஏறி உட்காரும். கோலகங்சாரில், கோலாலம்பூரில், கிள்ளானில், தெலுக் இந்தானில்.

உயிரொலியில் முடிந்தால் நடுவில் ஒரு யகரமோ வகரமோ பாலமாக வரும். இ, ஐ என்று முடிந்தால் ய்: சுங்கை பட்டாணியில், பத்துமலையில். ஆ, ஓ என்று முடிந்தால் வ்: கெடாவில், மலாக்காவில், ஈப்போவில். "ஈப்போயில்" என்று ஒரு கல்யாணப் பத்திரிகையில் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

கடைசியாக மகரம். தமிழ்ச் சொல் அம் என்று முடிந்தால் மகரம் போய் அத்து வரும்: தோட்டம், தோட்டத்தில், பல்கலைக்கழகம், பல்கலைக்கழகத்தில், மாநிலம், மாநிலத்தில். இந்தப் பழக்கத்தை அண்ணன் மகள் புக்கிட் சிடிமுக்கும் நீட்டி "சிடிமத்தில்" என்று எழுதிவிட்டாள். அந்தப் பெயர் அம் என்று முடியவில்லை, இம் என்று முடிகிறது. அத்து அங்கே வராது, சிடிமில்தான். அதேபோல் கூலிம், கூலிமில். ஷா ஆலம் மட்டும் அம் என்றே முடிவதால் ஷா ஆலத்தில் என்றும் ஷா ஆலமில் என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். எனக்கு ஷா ஆலம் என்ற பெயர் உருக்குலையாமல் நிற்கும் இரண்டாவது வடிவம்தான் பிடிக்கும். எதை எடுத்தாலும் மலர் முழுவதும் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

கு சேர்க்கும்போதும் இதே வழிதான், நடுவில் ஓர் உகரம் கூடும்: சிப்புட்டுக்கு, ரவாங்குக்கு, கிள்ளானுக்கு, ஈப்போவுக்கு. சுங்கை பட்டாணி, பத்துமலை போன்றவற்றில் அந்த உகரமும் வேண்டாம், பட்டாணிக்கு, பத்துமலைக்கு என்றே நிற்கும். "சிப்புட்டிற்கு" என்று எழுதுவதும் சரி, அதில் நடுவே இன் என்ற சாரியை புகுந்திருக்கிறது. ஆனால் அந்த "ற்கு" அழகாக இருக்கிறதே என்று ஆளின் பெயரில் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். சம்பந்தனுக்கு, ஆசிரியருக்கு என்பதே நம் பத்திரிகை வழக்கு. "சம்பந்தனிற்கு" என்பது மரியாதை கூடிய வடிவம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை.

உருபை விடலாமா?

விடலாம். தமிழ் நிறைய இடங்களில் உருபை விட்டுத்தான் எழுதுகிறது. அதனால்தான் புதியவருக்கு எங்கே விட்டது சரி, எங்கே விட்டது பிழை என்று குழப்பம் வருகிறது.

காலத்தைப் பாருங்கள். "ஜூன் 16ஆம் தேதி பிறந்தார்" என்பதில் இல் இல்லை, ஆனாலும் சரி. தேதி, ஆண்டு, மாதம், காலை போன்ற காலப்பெயர்கள் தாமே எப்போது என்ற கேள்விக்கு விடையாக நிற்கும். வெறும் எண்ணுக்கு அந்தத் தெம்பு கிடையாது. "1960 சங்கம் தொடங்கினார்" என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது சங்கங்களைத் தொடங்கிவிட்டாரோ என்று கண் ஒரு கணம் தடுக்கும். "1960ஆம் ஆண்டு" அல்லது "1960இல்" என்று எழுதுங்கள்.

அடுத்தது யாரை, எதை என்ற கேள்விக்கு வரும் ஐ. பொருளாக இருந்தால் இதை விடலாம்: பால் வெட்டினார், தண்ணீர் குடித்தார், பணம் திரட்டினார், சங்கம் தொடங்கினார். எந்தப் பணம், எந்தச் சங்கம் என்று குறிப்பிடாமல் பொதுவாகச் சொல்லும்போது இப்படி எழுதுவதே இயல்பு. குறிப்பிட்ட ஒன்றாக இருந்தால் ஐ வரவேண்டும். சங்கத்தின் முழுப்பெயரைச் சொல்லிவிட்டதால் இங்கே "கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்" என்பது நன்றாக நிற்கும். சங்கம் தொடங்கினார் என்பது பிழை என்று நான் சொல்லமாட்டேன், தளர்வு என்பேன்.

ஆளாக இருந்தால் தளர்வு என்ற பேச்சே இல்லை. "தொழிலாளர் சந்தித்து" என்பதில் ஐ இல்லாததால் தொழிலாளரே எழுவாயாகிவிட்டார். அவர்தான் யாரையோ சந்தித்திருக்கிறார். "சம்பந்தன் மக்கள் நேசித்தனர்" என்று எழுதினால் யார் யாரை நேசித்தார்கள்? தமிழில் சொற்கள் இடம் மாறி வரலாம் என்பதால், யார் செய்தார், யாருக்குச் செய்யப்பட்டது என்பதை ஐ ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். மனிதரைச் செயப்படுபொருளாக்கினால் ஐ கட்டாயம்: தொழிலாளர்களைச் சந்தித்து, சம்பந்தனை மக்கள் நேசித்தனர்.

இப்போது "அண்ணாமலைப் பல்கலைக்கழகம் படித்தார்" என்பதற்கு வாருங்கள். பாடம் படித்தார், புத்தகம் படித்தார், பல்கலைக்கழகம் படித்தார். உருபில்லாத பொருட்பெயர் வினையை ஒட்டி நின்றால் படிப்பவர் மனம் அங்கே ஐ-யைத்தான் வைத்துப் படிக்கும். ஆகவே அவர் பல்கலைக்கழகத்தையே வாசித்துவிட்டதாக ஆகிறது. இதைச் சொன்னபோது அண்ணன் மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தானே "பல்கலைக்கழகத்தில்" என்று திருத்தினாள். உருபை விட்டதும் வாக்கியம் வேறு பொருள் கொடுக்கிறதா என்று இப்படிச் சோதிப்பதே போதும். கொடுத்தால் விடாதீர்கள்.

இன்னொரு வகை, இரண்டு பெயர்ச்சொற்களுக்கு நடுவே உருபு மறைவது. தோட்டத்துத் தொழிலாளர் என்பது தோட்டத் தொழிலாளர் என்று சுருங்கும். உருபு மறைந்தாலும் அது இருந்த தடம் மறையாது. தோட்டம் என்ற சொல் மகரத்தைக் கழற்றிவிட்டு, வருகிற வல்லெழுத்தை இரட்டித்துக்கொள்கிறது. தோட்டப் பள்ளி, தோட்டக் கிராணி, தோட்டத் துண்டாடல். "தோட்டம் துண்டாடல்" என்று மகரத்தோடு எழுதினால் இரண்டு சொல்லும் ஒட்டாமல் நிற்கின்றன. நம் ஊர்ப் பலகைகளில் "தோட்டம் தமிழ்ப்பள்ளி" என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. மலாயில் "லாடாங்" முன்னால் தனிச் சொல்லாக வருவதை அப்படியே மாற்றி வைத்ததால் வந்த வினை என்பது என் ஊகம்.

நீளமான பெயரில் உருபு எங்கே?

கடைசியில், ஒரே ஒரு முறை. துன், டத்தோ, திரு என்ற பட்டம் முன்னால் வந்தாலும், அவர்கள் என்ற மரியாதைச் சொல் பின்னால் வந்தாலும், மொத்தத்தையும் ஒரே சொல்லாக எண்ணிக்கொண்டு வாலில் மட்டும் ஒட்டுங்கள். "துன் சம்பந்தனின் பெயர்" சரி. "துன் சம்பந்தன் அவர்களின் பெயர்" சரி. "சம்பந்தனின் அவர்களின் பெயர்" என்றால் இரண்டு பேரின் பெயர்.

இடத்துக்கும் இதே கணக்கு. "பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில்" என்று கடைசியில் மட்டும் இல் வந்தால் போதும். "கெடா புக்கிட் சிடிமில்" என்பதும் அந்த வகையில் தப்பில்லை. ஆனால் வெளியூர் வாசகருக்கு கெடா எது, புக்கிட் சிடிம் எது என்று தெரியாது என்பதால் "கெடாவில் உள்ள புக்கிட் சிடிம்" என்று பிரித்துச் சொல்லும்படி சொன்னேன். "கோலாலம்பூர் ஒரு சாலைக்கு" என்பது வேறு. அங்கே கோலாலம்பூருக்கும் சாலைக்கும் நடுவே "ஒரு" வந்து தொடரை அறுத்துவிட்டது. அறுந்த இடத்தில் இல் வேண்டும்: கோலாலம்பூரில் ஒரு சாலைக்கு.

"பெயரை வைக்கப்பட்டது"

இந்தப் பிழை பள்ளி மலரில் மட்டும் இல்லை. அழைப்பிதழ், அறிவிப்புப் பலகை, செய்தி என்று எங்கும் இருக்கிறது. படித்தவர்களும் செய்கிறார்கள்.

பெயரை வைத்தார்கள் என்றால் வைத்தவர் அவர்கள், வைக்கப்பட்டது பெயர். ஆகவே பெயருக்கு ஐ உண்டு. அதையே வைக்கப்பட்டது என்று திருப்பினால் வைத்தவர் மறைந்துவிடுகிறார், பெயர் எழுவாய் நாற்காலியில் வந்து உட்காருகிறது. எழுவாய்க்கு உருபு கிடையாது என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? ஆகவே பெயர் வைக்கப்பட்டது. படு என்ற துணைவினையை எங்கே பார்த்தாலும், செயலுக்கு உட்பட்ட பொருளின் வாலைத் தடவிப் பாருங்கள். ஐ இருந்தால் கத்தரித்துவிடுங்கள். அல்லது ஐ-யை வைத்துக்கொண்டு வினையை வைத்துள்ளனர் என்று மாற்றுங்கள்.

இதே ஊரிலிருந்து ஒரு வாக்கியம் பயிற்சிக்கு. 1948ஆம் ஆண்டு, அதே ஜூன் 16ஆம் தேதி, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். மலாயாவில் அவசரகாலம் பிறந்தது அதைத் தொட்டுத்தான். இதை எழுதச் சொன்னால் பத்தில் நான்கு பேராவது "மூன்று நிர்வாகிகளைக் கொல்லப்பட்டனர்" என்று எழுதுவார்கள் என்பது என் அனுபவக் கணக்கு. ஆளுக்கு ஐ கட்டாயம் என்று சற்று முன் நான் சொன்னதையே காரணம் காட்டுவார்கள். அந்தக் கட்டாயம் யாரை என்ற கேள்வி எழும்போது மட்டும். கொல்லப்பட்டனர் என்ற வினையிடம் யாரை என்று கேட்க முடியாது. யார் கொல்லப்பட்டனர் என்றுதான் கேட்க முடியும். மறுபடியும் வினையிடமே போய் நிற்கிறோம்.

கடைசியாக ஒற்று

உருபெல்லாம் சரியான பின்தான் இதைப் பாருங்கள். முதலில் பார்த்தால் இரண்டு வேலை. ஐ, கு என்ற இரண்டு உருபுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: தொழிலாளர்களைச் சந்தித்து, சாலைக்குத் துன் சம்பந்தனின் பெயர். இல், இடம், இன் இவற்றுக்குப் பின்னால் மிகாது: சிப்புட்டில் பிறந்தார், சம்பந்தனின் பெயர். மலரின் சிறு குறிப்புக்கு இவ்வளவு போதும்.

எல்லாம் முடித்து, அவள் தெளிவாக எழுதிய படி இது:

"துன் வீ. தி. சம்பந்தன் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் பிறந்தார். கோலகங்சாரில் பள்ளியில் பயின்று, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். தோட்டத் துண்டாடல் காலத்தில் தொழிலாளர்களைச் சந்தித்து, அவர்களிடமிருந்து பணம் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம். கோலாலம்பூரில் ஒரு சாலைக்குத் துன் சம்பந்தனின் பெயர் வைக்கப்பட்டுள்ளது."

இரண்டு இடத்தைக் கவனியுங்கள். "தொழிலாளர்களிடமிருந்து" என்பதை அவளாகவே "அவர்களிடமிருந்து" ஆக்கினாள், அடுத்தடுத்து ஒரே சொல் வருகிறதென்று. நான்காம் வாக்கியத்தில் "உள்ளது" என்ற வினை போய்விட்டது. சிடிமில் உள்ளது என்றால் தோட்டம் வேறு, சிடிம் வேறு. தோட்டத்தின் பெயரே புக்கிட் சிடிம் என்பதால் உருபில்லாமல் பெயரோடு முடிப்பதே சரி.

மறுநாள் இரவு தொலைபேசியில் அழைத்தாள். குறிப்பின் மேலே போடும் பழைய படத்துக்கு ஒரு வரி வேண்டும், இடம் மிகக் குறைவு, "சுங்கை சிப்புட்டில் துன் சம்பந்தன்" என்று போடவா, "சுங்கை சிப்புட் துன் சம்பந்தன்" என்று போடவா என்று கேட்டாள். வினையே இல்லாத வரி அது, கேள்வி கேட்க ஆளில்லை. படம் எங்கே எடுத்தது என்று கேட்டேன். பின்புறத்தில் ஒன்றும் எழுதவில்லை, தெரியவில்லை என்றாள். அப்படியானால் இல் போடாதே என்றேன்.